‘லா ச்சி தரேம் லா மானோ’: ஒரு டூயட்டுக்குச் சர்டைட்டில் எழுதிப் பார்ப்போம்

ஓபரா அரங்குகளில் மேடைக்கு மேலே ஒரு நீளத் திரை இருக்கும். பாடகர் இத்தாலியனில் பாடுவார், அதன் சாரம் அந்தத் திரையில் ஆங்கிலத்தில் வந்து போகும். அதற்குச் சர்டைட்டில் என்று பெயர். 1983-இல் டொராண்டோவில் கனடியன் ஓபரா கம்பெனி ‘எலெக்ட்ரா’வுக்கு இதைப் போட்ட பிறகு, உலகம் முழுக்கப் பரவிய வழக்கம் இது.

எழுதப் பழக மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யில் வரும் ‘லா ச்சி தரேம் லா மானோ’, அதாவது ‘அங்கே நாம் கை கொடுப்போம்’ என்ற டூயட்டை எடுத்துக்கொள்ளலாம். பாட்டு சிறியது, வார்த்தைகள் எளியவை. ஆனால் கற்க வேண்டியது கிட்டத்தட்ட எல்லாமே இதில் இருக்கிறது.

படி 1: அகராதிக்கு முன் கதை

ஜெர்லினா ஒரு கிராமத்துப் பெண். மாஸெத்தோவுடன் அவளுக்கு அன்றுதான் கல்யாணம். பிரபு டான் ஜொவான்னி அவளைத் தனியாக நிறுத்தி, அதோ தெரிகிற அந்தச் சின்ன மாளிகை என்னுடையது, அங்கே நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். அதைத் தொடர்ந்துதான் டூயட். எனவே முதல் வார்த்தை ‘லா’ (அங்கே) அந்த மாளிகையைச் சுட்டுகிறது. கை கொடுப்பது என்பதும் வெறும் கை பிடிப்பதல்ல, மணம் முடிப்பது. முன்னால் வரும் வசனப் பகுதியைப் படிக்காமல் டூயட்டை மட்டும் மொழிபெயர்த்தால் இந்த இரண்டும் தவறிப் போகும்.

படி 2: நேரத்தை அளப்பது

பியானோவும் குரலும் மட்டும் உள்ள ஸ்கோரை, அதாவது இசைக் குறிப்புப் புத்தகத்தைத் திறங்கள். டான் ஜொவான்னி தன் நான்கு வரிகளையும் எட்டு பாரில், அதாவது எட்டு தாளக் கட்டத்தில் பாடி முடிக்கிறான். ஒரு பாருக்கு இரண்டு தட்டு, ஆக 16 தட்டு. தட்டுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் 16 விநாடி. நிறைந்த இரண்டு வரியைச் சாவகாசமாகப் படிக்க ஆறு விநாடி வேண்டும். அப்படியானால் இங்கே இரண்டு ஸ்லைடு வசதியாகக் கொள்ளும், மூன்று போட்டால் நெருக்கும். ஒரு ஸ்லைடில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரி, இடைவெளிகளையும் சேர்த்து, 40 எழுத்துக்குள் இருக்கட்டும்.

படி 3: சுருக்குவது

உண்மையான வேலை இதுதான். வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் பார்வையாளர் மேடையை விட்டுவிட்டுத் திரையையே படித்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு நொடி மேலே பார்த்துவிட்டு முழுக் கவனத்தோடு பாடகரிடம் திரும்ப வேண்டும். என் வரைவு இது:

```
1  There we'll join our hands,
   there you'll say yes to me.
2  Look, it isn't far.
   Let's go, my love.
3  I want to, and yet I don't.
   My heart is trembling.
4  He could make me happy,
   or he could be fooling me.
5  - Come, my darling!
   - I feel sorry for Masetto.
6  I will change your life.
7  I can't hold out much longer.
8  (blank)
9  Let's go!
10 Let's go, my love, and soothe
   the pangs of an innocent love.
11 (blank)
```

இரண்டாம் ஸ்லைடில் ‘இங்கிருந்து’ என்பதை விட்டுவிட்டேன். போகலாம் என்று சொன்னாலே இங்கிருந்துதானே. மூன்றாவதில் ‘கொஞ்சம்’ நடுங்குகிறது என்பதில் உள்ள ‘கொஞ்சம்’ போய்விட்டது. அதை இசையே சொல்லிவிடும். முதல் ஸ்லைடில் நேரடியாகக் கல்யாணம் என்று போட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இந்த இடத்தில் பாடகர் கையை நீட்டுவார். திரையிலும் கை இருந்தால் கண் சட்டென்று மேடைக்கு இறங்கும். கல்யாணப் பேச்சு முந்தைய வசனத்திலேயே வந்துவிட்டது.

நான்காவது ஸ்லைடில் ஒரு வழுக்கும் இடம் உண்டு. ஜெர்லினா அங்கே அவனிடம் பேசவில்லை, தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். இத்தாலியனிலும் ‘அவன் என்னை ஏமாற்றலாம்’ என்றுதான் இருக்கிறது. அதை ‘நீ’ என்று மாற்றினால் அவள் அவன் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். அவளுடைய தயக்கமே போய்விடும்.

படி 4: யார் முந்துவது?

ஐந்தாவது ஸ்லைடில் இருவரின் வரியும் சேர்ந்து வருகிறது. பேச்சு மாறுவதைக் கோடு காட்டுகிறது. அங்கே பாட்டு சட்டென்று கை மாறுவதால், தனித்தனியாகப் போட்டால் திரை படபடக்கும். ஆறையும் ஏழையும் மட்டும் பிரித்திருக்கிறேன். ‘இனி என்னால் தாக்குப்பிடிக்க முடியாது’ என்பது அவள் தளரும் கணம். டான் ஜொவான்னி இன்னும் ஆசை காட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பதிலைப் பார்வையாளர் படித்துவிட்டால் அந்தக் கணம் வீண். அவள் அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் படிக்க நேரத்துக்குக் குறைவில்லை.

இதே ஓபராவில் டான் ஜொவான்னியின் வேலைக்காரன் லெப்பொரெல்லோவின் பட்டியல் பாட்டு இதற்கு இன்னும் பெரிய சோதனை. எஜமானன் மயக்கிய பெண்களின் கணக்கை நாடு நாடாகச் சொல்கிறான்: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்ஸில் 100, துருக்கியில் 91, ஆனால் ஸ்பெயினில் 1003! இந்தக் கடைசி எண் கட்டாயம் தனி ஸ்லைடில், அது பாடப்படும் அதே கணத்தில் வர வேண்டும். முந்தி வந்தால் அரங்கம் பாடகருக்கு முன்பே சிரித்துவிடும். ஒத்திகையில் சிரிப்பு எப்போது எழுகிறது என்று கேட்டாலே உங்கள் ஸ்லைடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 5: காலி ஸ்லைடு

டூயட்டின் நடுவில் ஆரம்ப வார்த்தைகள் திரும்பி வருகின்றன, இம்முறை இருவரும் வரி வரியாகப் பங்கிட்டுப் பாடுகிறார்கள். புதிதாக இல்லாததை மறுபடி போடாதீர்கள். எட்டாவது இடத்தில் திரை கறுப்பாகவே இருக்கட்டும். வார்த்தை அதேதான், ஆனால் அவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

‘அந்தியாம்’, போகலாம் என்று அவன் அழைக்க, அவளும் ‘அந்தியாம்’ என்கிறாள். ஒன்பதாவதை அவள் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு வைத்திருக்கிறேன், அவன் அழைப்புக்கு அல்ல. பிறகு தாளம் ஆறு-எட்டுக்கு மாறி இருவரும் ஒன்றாகப் பாடும்போது பத்தாவது. ஒருமுறை காட்டி, வரிகள் திரும்பத் தொடங்கியதும் கறுப்பு.

படி 6: ஸ்கோரில் குறித்து, கையால் தள்ளுவது

சர்டைட்டிலுக்குத் தனி மென்பொருள்கள் உண்டு, ஆனால் பழக PowerPoint போதும். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. காலி ஸ்லைடுகளையும் சேர்த்து எண்ணி, ஒவ்வொரு எண்ணையும் ஸ்கோரில் அந்தச் சுரத்தின் தலைக்கு மேல் வட்டமிட்டு எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஒத்திகையில் பல இடங்கள் மாறும்.

நேரத்தை முன்கூட்டியே பதிந்து தானாக ஓடவிட முடியாது. ஒரே நடத்துநர்கூட இன்று ஒரு வேகம், நாளை ஒரு வேகம். பாட்டில் தட்டை எண்ணலாம். ஆனால் ரெசிடாட்டிவ் எனப்படும் பேச்சுப் பகுதிகளில் பாடகர் இஷ்டப்படி ஓடுவார், நிற்பார். அங்கே வார்த்தையைத்தான் காதால் பின்தொடர வேண்டும். பாடகர் மூச்சை இழுப்பதைப் பாருங்கள், முதல் அசை வரும்போது அழுத்துங்கள்.

அப்புறம், ஒத்திகையில் ஒருமுறையாவது மேல்மாடியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். இத்தாலியன் தெரியாத ஒருவரையும் அழைத்துப் போய், கதை எங்கே புரியவில்லை என்று கேளுங்கள். இயக்குநர் மேடையில் மாளிகையே வைக்காமல் வேறு ஏதாவது செய்திருந்தால் முதல் ஸ்லைடின் ‘அங்கே’ அந்தரத்தில் தொங்கும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிகழ்ச்சியில் ஒரு ஸ்லைடு தவறிவிட்டால், அதைத் தாமதமாகக் காட்டிச் சட்டென்று அடுத்ததற்குத் தாவாதீர்கள். `B` அழுத்தினால் திரை கறுப்பாகும். அடுத்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி `Enter`-இல் விரலை வைத்துக் காத்திருங்கள். இந்த டூயட் முடிந்தவுடன், டான் ஜொவான்னி முன்பு கைவிட்ட டோன்னா எல்விரா பாய்ந்து வந்து தடுக்கிறாள். அவளுடைய முதல் வார்த்தைக்கு உங்கள் ஸ்லைடு தயாராக இருக்க வேண்டும், அதற்கு ஒரு நொடிகூட முன்னால் வரக் கூடாது.