காலிபிளவரைப் போட்டோவில் தரம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்து, எது முதல் தரம், எது கழிவு என்று சொல்வது என் வேலை. புதிதாக வந்த இரண்டு பையன்களும் நான் ஒரு காலத்தில் செய்த தப்பையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மங்கிய படம், பாதி தெரியும் பூ என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது அவர்களுக்கே தெரியும்.

வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல பூ என்று எழுதிவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒருமுறை உச்சிவெயிலில் எடுத்த மூன்று படங்களைப் பார்த்து 60 மூட்டைக்கு முதல் தரம் போட்டேன். பூ பாலாக இருந்தது. மார்க்கெட்டில் வியாபாரி உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "பூ கேட்டா ரவை அனுப்பியிருக்கீங்களே" என்றார். பாதி விலைதான் கிடைத்தது.

மேல்பரப்பில் பூமொட்டுகள் தனித்தனியாகக் கிளம்பி ரவை தூவியதுபோல ஆவதுதான் இந்தக் குறை. பூ திரளும் நேரத்தில் சூடு அதிகமானாலோ, அறுவடை தள்ளிப்போனாலோ வரும். அதைப் படத்தில் காட்டுவது நிறம் இல்லை, மொட்டுகளின் பொடி நிழல்தான். சுற்றிலும் கரும்பச்சை இலையும் மண்ணும் இருந்தால் போன் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூ வெளிறிப்போய் அந்த நிழல் அழிந்துவிடும். மிச்சம் இருந்ததை வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது மழுக்கிவிடும்.

அதே தோட்டத்தில் நின்ற பூவை மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெயில் பக்கவாட்டில் விழும்படி எடுக்கச் சொன்னேன். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து, டாக்குமென்டாக அனுப்பினார்கள். ரவை ரவையாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் அப்படி எடுத்த படம் வராமல் நான் தரம் எழுதுவதில்லை.

சின்னப் பூவெல்லாம் பட்டன் என்பது

பூவை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தில் அளவே தெரியாது. பக்கத்தில் ஒரு கையோ ஸ்கேலோ வேண்டும், முழுச் செடியும் தெரிய வேண்டும். இலைகள் நன்றாக விரிந்து நடுவில் சின்னப் பூ இருந்தால் அது இன்னும் வளர்கிற பூ. செடியே குன்றி, குட்டி இலைகளுக்கு நடுவே பூ வெளியே துருத்திக்கொண்டிருந்தால்தான் பட்டன். வயது கடந்த நாற்றை நட்டார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

குண்டு பல்பு வெளிச்சத்தில் பழுப்பைப் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

மேலே பார்த்துவிட்டு போரான் குறை என்று முடிவு கட்டுவது

இலை மூடாமல் வெயில் பட்ட பூ மேலாக மஞ்சளடிக்கும், அவ்வளவுதான். போரான் குறையில் நீர் கோத்த புள்ளிகள் வந்து பழுப்பாகும். தண்டை நெடுக்காக வெட்டினால் உள்ளே பொந்தாகவும் பழுப்பாகவும் இருக்கும். பழுப்பில்லாத வெறும் பொந்து என்றால் தழைச்சத்து மிஞ்சியிருக்கலாம். அதனால் சந்தேகப் பூ ஒன்றை வெட்டி, அந்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.