உராய்வு அம்புக்குறியைத் திருப்பிப் போட்ட கதை

வழவழப்பான தரையில் 3 கிலோ பெட்டி, அதன்மேல் 2 கிலோ பெட்டி. கீழ்ப்பெட்டியைக் கயிற்றால் 10 N விசையில் இழுத்தால் இரண்டும் நழுவாமல் சேர்ந்தே நகர்கின்றன. முடுக்கம் 2 m/s² என்று உடனே வந்துவிட்டது. ஆனால் மேல்பெட்டிக்குத் தனியாக விசைப்படம் போட்டதும் கணக்கு உதைத்தது.

உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்ற பழைய மனப்பாடத்தில் அம்பைப் பின்னோக்கி வரைந்திருந்தேன். அப்படியானால் மேல்பெட்டி பின்னோக்கி அல்லவா முடுக்கம் பெற வேண்டும்? கிடைத்திசையில் அதன்மேல் வேறு விசையே கிடையாது. அதை முன்னே தள்ளுவதே உராய்வுதான்: 2 × 2 = 4 N. உராய்வு எதிர்ப்பது பரப்புகளின் நழுவலை.

பிறகு ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் ‘எதன்மேல், எதனால்’ என்று எழுதினேன். கீழ்ப்பெட்டியைத் தொடுபவை கயிறு, தரை, மேல்பெட்டி. மேல்பெட்டி தரும் இரண்டு விசைகளையும் விட்டிருந்தேன்! கீழ்நோக்கி அழுத்தும் விசை 20 N (g = 10), பின்னோக்கிய உராய்வு 4 N. அந்த 20 N-ஐ மேல்பெட்டியின் எடை என்று எழுதக் கூடாது; எடை மேல்பெட்டியின் படத்துக்குரியது.

சரிபார்த்தேன்: 10 − 4 = 6 = 3 × 2. உராய்வுக் கெழு 0.2-க்குக் கீழே போனால் மேல்பெட்டி நழுவும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.