யூனிஃபார்ம் கிளியரன்ஸ் சேல்: பதிவில் விட்டுப்போகும் சைஸும் மற்ற தவறுகளும்

பள்ளி திறக்கும் முன் சீருடைக் கடைகள் போடும் கிளியரன்ஸ் பதிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். "மாபெரும் தள்ளுபடி, 50% வரை, எல்லா சைஸும் கிடைக்கும், ஸ்டாக் உள்ளவரை மட்டும்." கூடவே கொட்டை எழுத்தில் கடைப் பெயர், சிரிக்கும் குழந்தைகளின் படம். புடவைக்கோ செருப்புக்கோ இது ஓரளவு போதும். அங்கே ஒன்று கிடைக்காவிட்டால் வந்தவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார். சீருடை வாங்க வருபவருக்கு அந்த வழி கிடையாது. அவர் பிள்ளைக்கு ஒரே பள்ளி, ஒரே டிசைன், ஒரே சைஸ். அந்த மூன்றும் கடையில் இருக்கிறதா என்று பதிவைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால், அவருக்கு அந்தப் பதிவால் எந்தப் பயனும் இல்லை.

இதில் அதிகம் நடக்கும் தவறு சைஸ் விஷயத்தில்தான். கிளியரன்ஸுக்கு வரும் சரக்கு எது? போன ஆண்டு வாங்கி விற்றது போக மிஞ்சியது. நடு சைஸ்கள் முதலில் போய்விடும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் இருப்பது அங்கேதான். மிஞ்சுவது இரண்டு ஓரங்கள். ஒரு கடையில் ஒரு பள்ளியின் சட்டை 62 மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்: 22-ல் 8, 24-ல் 11, 26-ல் 2, 28-லும் 30-லும் ஒன்றுமில்லை, 32-ல் 3, 34-ல் 1, 36-ல் 14, 38-ல் 23. அதாவது 62-ல் 56 சட்டைகள் 22, 24, 36, 38 ஆகிய நான்கு சைஸ்களில் இருக்கின்றன. இந்தச் சரக்குக்கு "எல்லா சைஸும் கிடைக்கும்" என்று பதிவு போட்டால், கூட்டமாக வரப்போவது 28-ம் 30-ம் தேடும் பெற்றோர்கள். அவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். புதுச் சரக்கு வந்த பிறகும் இதே கடைக்குத்தான் வர வேண்டியவர்கள் அவர்கள். 38 சைஸ் போடும் உயரமான மாணவரின் வீட்டுக்கோ, தங்களுக்காகவே 23 சட்டைகள் காத்திருப்பது தெரியவே தெரியாது.

ஆகவே பதிவு எழுதும் முன் அலமாரியை இறக்கி, பள்ளிவாரியாக, துணிவாரியாக, சைஸ்வாரியாக எண்ணிவிடுங்கள். ஒரு மதியம் போகும், போகட்டும். எண்ணி முடித்ததும் 26, 32, 34-ல் கிடக்கும் அந்த ஆறு சட்டைகளைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஒன்றிரண்டு உருப்படிக்காக ஒரு சைஸைப் பட்டியலில் சேர்த்தால் முதல் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும், அதற்கப்புறம் வருபவர்கள் எல்லோருக்கும் ஏமாற்றம். அவற்றைக் கடைக்குள்ளேயே தொங்கவிட்டால் கண்ணில் படுபவர் எடுத்துக்கொள்வார்.

சைஸ் எண்ணை எழுதினாலும் அது எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். ஒரு தயாரிப்பாளருக்கு 30 என்றால் பிள்ளையின் மார்பளவு, இன்னொருவருக்குத் தைத்த சட்டையின் சுற்றளவு. வேறு சிலர் வயதைப் போடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் நால்வரை வரிசையாக நிறுத்திப் பார்த்தாலே அது எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். அளவுநாடா வைத்துச் சொல்வதே நேர்வழி. சட்டையைப் பட்டன் போட்டு மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளக்க வேண்டும். 15 அங்குலம் வந்தால் சுற்றளவு 30. பிள்ளை கையைத் தூக்கி, ஓடி ஆட மூன்று நான்கு அங்குலம் தாராளம் வேண்டும் என்பதால், அந்தச் சட்டை 26 அல்லது 27 அங்குல மார்பளவு உள்ளவருக்குச் சரியாக இருக்கும். பதிவில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "போன வருடச் சட்டையை விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து பாருங்கள், எங்கள் 38-ல் அது 19 அங்குலம்." வீட்டில் இருந்தபடியே பெற்றோர் முடிவு செய்துவிடுவார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பேன்ட்டுக்கு இடுப்பும் உள்கால் நீளமும் வேண்டும். கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் துணி விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால், இந்த வருடம் வாங்கியதை அடுத்த வருடமும் போடலாம் என்று வாங்குவார்கள்.

அடுத்தது, இந்தச் சரக்கு ஏன் மிஞ்சியது என்ற கேள்வி. சைஸ் போகாமல் மிஞ்சியதா, இல்லை பள்ளி டிசைனை மாற்றியதால் மிஞ்சியதா? இரண்டாவது என்றால் அதை மறைத்து விற்பதைப் போல மோசமான காரியம் இல்லை. காலரில் ஒரு கோடு கூடியிருக்கும், பாக்கெட்டில் சின்னம் மாறியிருக்கும். முதல் நாள் பிரேயரில் அந்தப் பிள்ளை மட்டும் தனியாகத் தெரியும். பெற்றோர் கொடுத்த பணம் மட்டுமா போகிறது, பிள்ளையின் முகமும் அல்லவா வாடுகிறது. டிசைன் மாற்றும் பள்ளிகள் பல, பழையதையும் ஒரு வருடம் போட அனுமதிப்பது உண்டு. ஆனால் நீங்களாக அனுமானிக்காமல் பள்ளி அலுவலகத்தில் கேட்டு, "பழைய டிசைன், இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அனுமதி உண்டு என்று பள்ளி சொல்லியிருக்கிறது" என்று பதிவிலேயே போடுங்கள். அனுமதி இல்லை என்றால் அந்தச் சரக்கைச் சீருடை என்ற பெயரில் விற்கக் கூடாது. சின்னம் இல்லாத வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவற்றைத் தனியாகப் பிரித்து, எந்தப் பள்ளிக்கும் ஆகும் என்று எழுதினால் வேகமாகப் போகும்.

ஒரு வருடம் அலமாரியில் கிடந்த துணி புதுத் துணி போலவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கரு நீலமும் மெரூனும் வெளிச்சம் படும் பக்கமாக மடிப்போரத்தில் வெளுத்திருக்கும். வெள்ளைச் சட்டை அதே மடிப்பில் மஞ்சள் தட்டியிருக்கும். மடித்த நிலையில் பார்த்தால் தெரியாது. விரித்து, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் தோள் பக்கத்திலும் கையிலும் கோடு கோடாகத் தெரியும். ஸ்கர்ட், சாக்ஸ் எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். பழசாகிப் போனது உள்ளே முறுமுறுவென்று சத்தம் போடும், அல்லது இழுத்தபடியே தொங்கும். அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து, "மடிப்பில் லேசாக நிறம் வெளுத்தவை" என்று வெளிப்படையாகச் சொல்லி இன்னும் குறைத்து விற்கலாம். வீட்டில் மாற்றுக்கு ஒன்று வேண்டும் என்பவர்கள் தெரிந்தே வாங்கிப் போவார்கள். படம் எடுக்கும்போதும் கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே எடுக்க வேண்டாம், நீலம் கறுப்பாகத் தெரியும். பகலில், இந்த வருடப் புதுத் துணியையும் கிளியரன்ஸ் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு சாயத் தொகுதியில் வந்திருந்தால் ஷேட் கொஞ்சம் மாறும். மேலே புதுசு, கீழே பழசு என்று போடப்போகிறவருக்கு அது முன்னாலேயே தெரிய வேண்டும்.

விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "50% வரை" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். டைக்கு மட்டும் 50, சட்டைக்கு 15 என்றால் வந்தவர் கோபப்படத்தான் செய்வார். சட்டைக்கு இவ்வளவு, பேன்ட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பழைய விலையும் இப்போதைய விலையும் போட்டால் முடிந்தது. அந்தப் பழைய விலை நீங்கள் உண்மையில் விற்ற விலையாக இருக்க வேண்டும். தள்ளுபடிக்காக ஏற்றிக் காட்டிய விலையைப் பல நாடுகளின் சட்டம் ஏமாற்று விளம்பரமாகவே பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பொதுவாக, தள்ளுபடிக்கு முந்தைய 30 நாட்களில் கடை விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலை என்று காட்ட வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி சீருடைப் பதிவில் வியாபாரத்தைத்தான் தடுக்கும். பெரும்பாலும் பிள்ளை கூட வராது. பெற்றோர் குத்துமதிப்பாக வாங்குகிறார்கள், சேராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது. கிளியரன்ஸில் பக்கத்து சைஸ் இருக்காது என்பதால் "மாற்றித் தருகிறோம்" என்று மட்டும் சொன்னாலும் பயனில்லை. லேபிள் வெட்டாமல், துவைக்காமல் ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் அதே தொகையைப் புதுச் சரக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். கடைக்கும் நஷ்டமில்லை, அவர் மறுபடி உங்களிடமே வருகிறார். தையல் பிரிந்திருந்தாலோ ஜிப் வேலை செய்யாவிட்டாலோ, தள்ளுபடிச் சரக்கு என்று கைகழுவ முடியாது. வாங்கும்போது சொல்லாத குறை அது, பொறுப்பு கடையுடையது.

எப்போது போடுவது? பள்ளி திறக்கும் வாரத்தில் போட்டால் தாமதம். புதுச் சரக்கு வாங்கும் கூட்டம் கடையை நிறைத்திருக்கும், இடுப்புப் பிடிக்கவும் நீளம் குறைக்கவும் தையல்காரரிடம் வரிசை நிற்கும். திறப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் போட்டு, பத்து நாளில் முடித்துவிடலாம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படம் மட்டும் தனியாகச் சுற்றும், கீழே எழுதிய விளக்கம் பாதியில் காணாமல் போகும். போன வருடப் படத்தைக் காட்டி இந்த வருடம் வந்து நிற்பவர்கள் உண்டு. அதனால் பள்ளி, சைஸ், முடிவுத் தேதி மூன்றையும் படத்தின் மீதே எழுத வேண்டும், தேதியோடு ஆண்டும் சேர்த்து. ஒரு சைஸ் தீர்ந்ததும் பட்டியலில் அதை அடித்துவிட்டு, திருத்திய படத்தை அன்றே போடுங்கள்.

மேலே பார்த்த 62 சட்டைக்குப் பதிவு ஏறக்குறைய இப்படி வரும்:

"(பள்ளியின் பெயர்) கட்டம் போட்ட சட்டை, 40% குறைவு. பழைய விலை (இவ்வளவு), இப்போது (இவ்வளவு). சைஸ் 22, 24, 36, 38 மட்டும். 28, 30 இல்லை, புதுச் சரக்கில் வழக்கமான விலையில் கிடைக்கும். டிசைன் மாறவில்லை, போன வருடச் சரக்கு. அக்குளுக்கு அக்குள் அளவு: 22-க்கு 11 அங்குலம், 24-க்கு 12, 36-க்கு 18, 38-க்கு 19. லேபிளோடு ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் புதுச் சரக்கில் கழித்துக்கொள்ளலாம். (மாதம், ஆண்டு) 10 முதல் 20 வரை. வரும் முன் சைஸ் இருக்கிறதா என்று போனில் கேளுங்கள், ஒரு நாள் எடுத்து வைக்கிறோம்."

"28, 30 இல்லை" என்ற வரியை எழுத நிறைய கடைக்காரர்கள் தயங்குவார்கள். அதைத்தான் கட்டாயம் எழுத வேண்டும். அந்த சைஸ் தேடுபவர் வீணாக வரமாட்டார், புதுச் சரக்கு எங்கே கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். எடுத்து வைக்கிறோம் என்று சொன்னால், அதற்கென்று ஒரு நோட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் இருக்கட்டும். பெயர், சைஸ், எத்தனை, எந்த நாள் வரை என்று சீட்டு எழுதித் துணியிலேயே குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆள் எடுத்து பில் போட்டுவிடுவார்.