ஆங்கிலப் பன்மை விகுதியைப் பிரித்துப் பார்ப்போம்: ஒரு விகுதி, மூன்று ஒலிகள்

மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். கல்லோடு சேர்ந்தால் கற்கள், முள்ளோடு சேர்ந்தால் முட்கள். யாரும் நின்று யோசித்து இப்படிப் பேசுவதில்லை. சொல்லும் விகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒலி மாறுவதை நம் இலக்கணம் புணர்ச்சி என்கிறது, மொழியியலார் உருபொலியன் மாற்றம் என்கிறார்கள். ஆங்கிலப் பன்மையிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் எழுத்தில் பெரும்பாலும் ஒரே குறி இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காதால் பிடித்து, விதியாக எழுதுவது வரை இங்கே செய்து பார்க்கலாம்.

முதல் படி: தொண்டையில் விரல்

குரல்வளையின் மேல் இரண்டு விரல்களை வையுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டிச் சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரியாது. இப்போது நாக்கை அசைக்காமல் தேனீ ரீங்கரிப்பதைப் போல ஒலியுங்கள். அதிர்வு தெரியும். முதல் ஒலி ஒலிப்பற்றது, இரண்டாவது ஒலிப்புள்ளது. இரண்டாவதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை என்பதால் இங்கே "ஃஜ்" என்று எழுதுகிறேன். நம்மில் பலர் எல்லா ஆங்கிலப் பன்மையையும் ஸ் என்றே முடிப்பதால் இந்த வேறுபாடு காதில் விழுவதற்குச் சற்றுப் பழக்கம் தேவைப்படும்.

இரண்டாம் படி: சொற்களைச் சேர்த்துப் பிரிப்பது

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களின் ஒலிப்பதிவு ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு பன்மைச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பூனை, புத்தகம், மாதம் ஆகியவற்றுக்கான கேட், புக், மந்த் என்ற சொற்கள் பன்மையில் ஸ் பெறுகின்றன. நாயைக் குறிக்கும் டாக், பென், பெல், ஸீ ஆகியவை ஃஜ் பெறுகின்றன. பஸ், ரோஸ், டிஷ், சர்ச், ஜட்ஜ் ஆகியவை இஃஜ் என்ற ஓரசையையே பெறுகின்றன.

இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, எழுத்துக்கூட்டலை நம்புவது. வயிற்றைக் குறிக்கும் ஸ்டமக் என்ற சொல் எழுத்தில் சர்ச் என்பதைப் போலவே முடிகிறது. ஆனால் ஒலி ஒலிப்பற்ற க் என்பதால் பன்மை ஸ்டமக்ஸ்தான். எழுத்தை மறந்து கடைசி ஒலியை மட்டும் பாருங்கள்.

மற்றது நம் எழுத்து செய்யும் குறும்பு. தொப்பியைக் குறிக்கும் சொல்லையும் வாடகைக் காரைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் "கேப்" என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தில் தொப்பி ஒலிப்பற்ற ப் கொண்டு முடிகிறது, கார் ஒலிப்புள்ள ப் கொண்டு முடிகிறது. ஆகவே தொப்பிகள் கேப்ஸ், கார்கள் கேப்ஃஜ். அந்தக் கடைசி மெய்யில் விரலுக்கு அதிர்வு சரியாகப் பிடிபடாவிட்டால் அதற்கு முன்னுள்ள உயிரைக் கவனியுங்கள். ஒலிப்புள்ள மெய்க்கு முன் அந்த உயிர் நன்றாக நீளும். வாடகைக் காரின் ஏகாரம் தொப்பியின் ஏகாரத்தைவிட நீளமானது.

இப்போது மூன்று குவியல்களுக்கும் காரணம் புலப்படும். ஒலிப்பற்ற ஒலிக்குப் பின் ஸ், ஒலிப்புள்ள ஒலிக்குப் பின் ஃஜ். உயிர்களும் ன், ல் போன்றவையும் ஒலிப்புள்ளவையே. ஸ், ஃஜ், ஷ், ச், ஜ் என்று சீறும் ஒலிகளுக்குப் பின் மட்டும் இஃஜ்.

மூன்றாம் படி: எது அடிவடிவம்?

மூன்றில் ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதிலிருந்து பெற வேண்டும். தொடக்கநிலையில் எல்லோரும் ஸ் என்பதையே எடுப்பார்கள், எழுத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று. அது சரியா என்பதை பேனாவுக்கான பென் என்ற ஒரே சொல்லை வைத்துச் சோதிக்கலாம்.

பேனாக்கள் என்பது பென்ஃஜ். பிரிட்டிஷ் நாணயமான பென்னிக்கு ஒரு பன்மை பென்ஸ், இன்னொரு பன்மை பென்னிஃஜ். அடிவடிவம் ஸ் என்றால் பென்னோடு அது சேர்ந்து பென்ஸ் ஆகும். அந்த நாணயச் சொல்லைப் போலவே தடையின்றி ஒலிக்கக்கூடிய வடிவம் அது. அதை ஃஜ் ஆக மாற்ற எந்தத் தேவையும் இல்லை. அடிவடிவம் இஃஜ் என்றால் பென்னிஃஜ் என்பதைப் போன்ற ஒலி வரும். அதுவும் ஆங்கில நாவுக்கு இயல்பானதே, இகரத்தைக் கெடுக்கக் காரணம் இல்லை. ஆனால் ஃஜ் அடிவடிவம் என்றால் கதை மாறுகிறது. கேட் என்பதன் இறுதி ட் ஒலிப்பற்றது. அதன் பின் சொல்லின் முடிவில் ஃஜ் வருவதை ஆங்கிலம் ஏற்பதில்லை, ஆகவே அது ஸ் ஆகத் திரிந்தே ஆக வேண்டும். மாற்றத்துக்கு உண்மையான கட்டாயம் கிடைப்பது இங்கே மட்டும்தான். எனவே ஃஜ் தான் மூலம்.

நான்காம் படி: விதியும் வரிசையும்

நம் இலக்கணத்தின் சொற்களே போதும். சீறும் ஒலிக்கும் பன்மை விகுதிக்கும் இடையில் இகரம் வருவது தோன்றல். ஒலிப்பற்ற ஒலியை அடுத்த ஃஜ், ஸ் ஆவது திரிதல். எது முதலில் நடக்க வேண்டும்? பஸ் என்ற சொல்லில் இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.

```
பஸ் + ஃஜ்
தோன்றல் முதலில்: பஸ் + இஃஜ் → திரிதலுக்கு இடமில்லை → பஸிஃஜ் (சரி)
திரிதல் முதலில்: பஸ் + ஸ் → பஸ் + இஸ் → பஸிஸ் (தவறு)
```

முதல் வரிசையில் இகரம் நடுவே வந்து விகுதியைக் காப்பாற்றிவிடுகிறது. ஃஜ் இப்போது ஒலிப்புள்ள உயிரை அடுத்து நிற்பதால் அதற்குத் திரிய வேலையில்லை. விதிகள் சரியாக இருந்தும் விடை பிழைத்தால் வரிசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சோதனை

பன்மைகளை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், விதி ஒன்றும் இல்லை என்று ஒருவர் வாதிட்டால்? 1958இல் ஜீன் பெர்க்கோ வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான வழியைக் கண்டது. பறவை போன்ற ஒரு கற்பனை உருவத்தைக் காட்டி, இது ஒரு வக் என்று குழந்தைகளிடம் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, இப்போது இரண்டு என்ன இருக்கிறது என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத, ஒலிப்புள்ள க் கொண்டு முடியும் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் ஃஜ் சேர்த்துப் பன்மை சொன்னார்கள். டாஸ் என்ற இட்டுக்கட்டிய சொல்லில்தான் தடுமாறினார்கள். கிளாஸ் என்ற தெரிந்த சொல்லின் பன்மையைச் சொல்லத் தெரிந்த குழந்தைகளில் பலருக்கும் இது வரவில்லை. இகரத் தோன்றல் மட்டும் பிந்தி வருகிறது போலும்.

நீங்களும் ஒரு பொய்ச்சொல்லை உண்டாக்கி உங்கள் விதிகளை அதன் மேல் ஓட்டிப் பார்க்கலாம்.

விதி எட்டாத இடம்

கத்தியைக் குறிக்கும் நைஃப் பன்மையில் நைவ்ஃஜ் ஆகிறது. விகுதி மாறவில்லை, சொல்லின் இறுதியே ஒலிப்பு பெற்றுவிட்டது. இதற்கும் ஒலி விதி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கூரையைக் குறிக்கும் ரூஃப் பலர் வாயில் ரூஃப்ஸ் என்றே நிற்கிறது. மனைவியைக் குறிக்கும் வைஃப் இன்னும் தெளிவான சான்று. மனைவிகள் என்றால் வைவ்ஃஜ், மனைவியினுடைய என்றால் வைஃப்ஸ். சேர்கிற விகுதி இரண்டிலும் அதே ஃஜ்தான், ஒலிச்சூழலும் ஒன்றுதான். பன்மையில் மட்டும் சொல் மாறுகிறது என்றால் அதைத் தீர்மானிப்பது ஒலி அல்ல, இலக்கணப் பொருளும் அந்தந்தச் சொல்லும். இவற்றுக்குத் தனிப் பட்டியல்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துச் செய்து பார்க்க இறந்தகால விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தான் என்பதற்கான சொல் ஒலிப்பற்ற ட் கொண்டு முடிகிறது, கெஞ்சினான் என்பதற்கானது ஒலிப்புள்ள ட் கொண்டு முடிகிறது, விரும்பினான் என்பதற்கானதில் இகரம் நுழைகிறது. அங்கே இகரத்தை வரவழைப்பவை சீறும் ஒலிகள் அல்ல, எவை என்பதை உங்கள் விரலும் காதும் கண்டுபிடித்துவிடும்.