ஹேலி வால்வெள்ளிப் பக்கத்தைத் தகவல் தாளாக்கிய கதை

நல்லூரில் இருக்கும் மருமகள் பழைய கலைக்களஞ்சியம் ஒன்றின் பக்கத்தை போனில் படம் பிடித்து அனுப்பி, "மாமா, இதை ஒரு தாளில் சுருக்கித் தாங்கோ" என்றாள். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் ஒட்டிக்கொண்டு அர்த்தமில்லாமல் வந்தது. சரி என்று படத்தை நேராக்கி, பத்திகளைத் தனித்தனியாக வெட்டி ஓட்டினேன்:

```
tesseract col1.png col1 -l tam+eng --psm 6
```

எழுத்து ஒழுங்காகிவிட்டது, ஆனால் எண்கள்தான் ஆபத்து, ஏனென்றால் எழுத்துப் பிழை கண்ணில் குத்தும், தப்பான ஆண்டோ சரியான ஆண்டு மாதிரியே இருக்கும். வால்வெள்ளி தெரிந்த ஆண்டுகள் 1531, 1667, 1682 என்று வந்திருந்தன. அது ஏறக்குறைய 76 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, இங்கேயோ இடைவெளி 136, பிறகு 15. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் 1607. இப்போது 76, 75. இப்படிக் கழித்துப் பார்ப்பதை விடாதீர்கள்.

"அடுத்து 1986இல் வரும்" என்றும் இருந்தது. அச்சான காலத்தில் அது சரி, தாளிலோ 'வந்தது 1986, அடுத்து 2061' என்று மாற்றி, பக்கத்தில் இல்லாதது என்று குறியிட்டேன்.

வரைவிலக்கணத்துக்கு முதல் வாக்கியமே போதும், அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டிவிடலாம். தொடர்புச் சொற்களுக்கு தடித்த எழுத்தில் இருந்தவையும் 'காண்க' என்று முடிந்தவையும் மட்டும்: நீள்வட்டம், ஞாயிற்றண்மை, கரு. நாமாகச் சேர்க்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது.