டாய்லெட் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச் போடாதீர்கள்: பலரும் அறியாமல் செய்யும் தவறுகள்

“ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர்” என்று ஒரே மூச்சில் கூவிக்கொண்டு தெருவில் வண்டி வருவதால், இவை மூன்றும் ஏதோ ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்கு ஒரு நினைப்பு. வாங்கியதும் மூன்றையும் பாத்ரூம் மூலையில் ஒன்றாக வைக்கிறோம். இதில் ஆசிட்டும் பிளீச்சும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

“நான் ஏன் ரெண்டையும் கலக்கப் போகிறேன்?” என்று கேட்பீர்கள். சரிதான், வாளியில் ஊற்றிக் கலக்குபவர்கள் குறைவு. பெரும்பாலும் பீங்கானுக்குள்தான், அதுவும் யாரும் கலக்க நினைக்காமலே, இரண்டும் கலந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் இரவு படுக்கப் போகும் முன் ஒருவர் நீல நிற டாய்லெட் கிளீனரை விளிம்பைச் சுற்றி ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று ஃப்ளஷ் செய்யாமல் போய்விடுகிறார். காலையில் வேலைக்கு வரும் அம்மா வழக்கம்போல ஒரு கை பிளீச்சிங் பவுடரை உள்ளே தூவி, உட்கார்ந்து பிரஷ் போடத் தொடங்குகிறார். முதலாமவர் ஊற்றியது இரண்டாமவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். டாய்லெட் கிளீனரை அதன் லேபிளில் சொன்ன நேரத்தைத் தாண்டி ஊறவிடாதீர்கள் என்பதற்கு இதுவே முதல் காரணம். இரவு முழுக்க ஊறினால் கறை கூடுதலாகப் போகும் என்பது பெரும்பாலும் மனசமாதானம்தான், சுண்ணாம்புப் படிவம் ஆசிட் பட்ட சில நிமிடங்களிலேயே கரையத் தொடங்கிவிடும்.

ஏன் வாயு வருகிறது என்பது எளிது. கடையில் வாங்கும் திரவ பிளீச் சோடியம் ஹைப்போகுளோரைட். அது காரமான கரைசலாக இருக்கும்வரை குளோரின் அதற்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். பிளீச்சிங் பவுடரும் அதே குணம்தான், சோடியத்துக்குப் பதில் கால்சியம். டாய்லெட் கிளீனரில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஏறத்தாழ 10 சதவீதம். தெரு வண்டியில் வரும் ஆசிட்டில் எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது, பல நேரம் இதைவிடக் காட்டமாகத்தான் இருக்கும். அமிலம் பட்டதும் அந்தக் காரம் அழிந்து, கட்டுப்பட்டிருந்த குளோரின் வாயுவாக வெளியேறுகிறது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல பிளீச்சிங் பவுடரில் எடையில் சுமார் 30 சதவீதம் குளோரின் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி பவுடர், சுமார் 10 கிராம், என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 கிராம் குளோரின், வாயுவானால் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஐந்துக்கு நாலு அடி அளவில் எட்டடி உயரமுள்ள பாத்ரூமில் இருக்கும் காற்று சுமார் 4,500 லிட்டர். முழுதும் வாயுவாகிக் கலந்தால் பத்து லட்சத்தில் 220 பங்குக்கு மேல் குளோரின். வீட்டில் அப்படி முழுதும் மாறாது, பத்தில் ஒரு பங்கு மட்டும் மாறியது என்றே வைப்போம், அப்போதும் 22 பங்கு. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கில் வைத்திருப்பது 10 பங்கு. அதாவது ஒரு கரண்டி பவுடர், அதுவும் சரியாகக் கலக்காமல் போனது, மூடிய பாத்ரூமில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

இன்னொன்று, குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அது மேலே எக்ஸாஸ்ட் ஃபேனை நோக்கி ஓடாமல் தரையோடு தேங்கும். குந்தி உட்கார்ந்து இந்திய முறை பீங்கானைத் தேய்ப்பவரின் முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். “ஃபேன் போட்டிருந்தேன், எப்படி மூச்சு முட்டியது” என்பதற்கு இது ஒரு விடை. ஃபேன் போடுவது நல்லதுதான், கதவு திறந்திருந்தால்தான் அது ஓரளவாவது வேலை செய்யும்.

மாஸ்க் கட்டிக்கொண்டால் போதும் என்பது இன்னொரு தப்பான நம்பிக்கை. துணி மாஸ்க்கோ கொரோனா காலத்து என்-95-ஓ தூசியைத்தான் தடுக்கும், வாயு உள்ளே போய்விடும்.

பாட்டிலைப் பார்த்து இது ஆசிட்டா பிளீச்சா என்று தெரிந்துகொள்வதுதான் பலரும் தவறவிடும் இடம். டாய்லெட் கிளீனர் என்று எழுதியிருந்தால் ஆசிட்தான் என்று முடிவு கட்டாதீர்கள், பிளீச் கலந்த டாய்லெட் கிளீனரும் அதே அலமாரியில், ஏறக்குறைய அதே வளைந்த கழுத்து பாட்டிலில் விற்கிறது. போன மாதம் ஒரு பிராண்ட், இந்த மாதம் ஆஃபரில் வேறு பிராண்ட் என்று வாங்குகிற வீட்டில் இரண்டும் சேர்ந்துவிடும். பின்பக்கப் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரிக், பாஸ்பாரிக், சல்ஃபாமிக், சிட்ரிக் என்று ஏதாவது அமிலத்தின் பெயர் இருந்தால் ஒரு கட்சி, ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் எதிர்க்கட்சி. வினிகரும் எலுமிச்சைச் சாறும் இயற்கையானவை என்பதற்காக விதிவிலக்கு இல்லை, அவையும் அமிலம்தான், பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின்தான். ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இப்படிக் கலந்து மரணங்கள் நேர்ந்த பிறகு, இந்த இரண்டு வகை பாட்டில்களின் முன்பக்கத்திலும் “கலக்காதே, ஆபத்து” என்று பெரிய எழுத்தில் போடத் தொடங்கினார்கள். நம் ஊர் பாட்டில்களில் எச்சரிக்கை பெரும்பாலும் பின்னால்தான், அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அப்புறம் அந்தப் பழைய கூல் டிரிங்ஸ் பாட்டில். வண்டிக்காரர் ஆசிட்டை அதில்தான் ஊற்றித் தருவார். குழந்தை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து ஒருபக்கம், உள்ளே இருப்பது என்ன என்று நாலு மாதம் கழித்து வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது என்பது மறுபக்கம். லேபிள் இல்லாத திரவத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அது ஆசிட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

உண்மையில் இரண்டும் ஒரே நாளில் தேவைப்படுவதே இல்லை, ஏனென்றால் இரண்டும் செய்யும் வேலை வேறு. போர் தண்ணீர் உள்ள வீடுகளில் பீங்கானில் படியும் மஞ்சள், பழுப்புப் படிவம் சுண்ணாம்பு உப்பும் இரும்பும். அதன்மேல் எவ்வளவு பிளீச் கொட்டினாலும் நிறம் கொஞ்சம் வெளுக்கலாம், படிவம் அங்கேயேதான் இருக்கும். அதற்கு ஆசிட் கிளீனர்தான் சரி. டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் படரும் பூஞ்சைக்குப் பிளீச் நன்றாக வேலை செய்யும், ஆசிட் அங்கே போனால் சிமென்ட்டை அரித்துவிடும். கறை போகவில்லை என்ற கடுப்பில் “இதையும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்” என்று அடுத்த பாட்டிலை எடுப்பதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். கறை போகவில்லை என்றால் முதலில் போட்டதை முழுக்கக் கழுவிவிட்டு, அதையே இன்னொரு முறை போடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஆசிட், வேறொரு நாள் பிளீச் என்று நாளைப் பிரித்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. ஒரு ஃப்ளஷ் போதும் என்று நினைக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் விளிம்பின் அடியில் ஒட்டிய கெட்டித் திரவம் முதல் ஃப்ளஷ்ஷில் முழுதாகப் போகாது, கீழே தண்ணீர் நிற்கும் வளைவிலும் கொஞ்சம் தங்கும். விளிம்பின் அடியை பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு மூன்று தடவை ஃப்ளஷ் செய்து, பிரஷ்ஷையும் அதன் டப்பாவையும் கழுவ வேண்டும். அந்த டப்பாவின் அடியில் தேங்கிய நீரை யாரும் கவனிப்பதே இல்லை. தரைக்கு பிளீச்சும் பீங்கானுக்கு ஆசிட்டும் ஒரே நேரத்தில் போடுவதும் கூடாது, இரண்டும் ஓடிப்போய்ச் சேர்வது பக்கத்தில்தான்.

தரைக்கு, 5 சதவீத திரவ பிளீச் என்றால் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 20 மில்லி போதும், பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். வெந்நீர் வேண்டாம், சூட்டில் பிளீச் சிதைந்து வீரியம் போய்விடும். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேராக பிளீச் ஊற்றுவதும் சரியில்லை, அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற வேறொரு எரிச்சல் வாயு வரும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். வைக்கும் இடத்திலும் ஆசிட் பாட்டிலுக்குக் கீழே பிளீச்சிங் பவுடர் பொட்டலம் இருக்கக் கூடாது, மூடி கசிந்தால் கலப்பது தானாக நடந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கலந்துவிட்டால்? நீச்சல் குள வாடை பல மடங்கு காட்டமானதுபோல மூக்கில் குத்தும், கண் எரியும், தொண்டை கரகரத்து இருமல் வரும். அந்த நொடியே வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றி அடக்கலாம், சோடா உப்பு போடலாம், பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று உள்ளே நிற்க வேண்டாம். வெளியில் இருந்து எட்டும் ஜன்னல், கதவுகளைத் திறந்து, வாடை முழுக்கப் போகும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், திரவம் பட்ட துணியை மாற்றுங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர், குழந்தை, வயதானவர் என்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வெளியே வந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடாதீர்கள், நிறைய சுவாசித்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம், ஆகவே அன்று முழுக்க ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் “பாத்ரூம் கழுவினேன், மூச்சு முட்டியது” என்று நிறுத்தாமல், எதையும் எதையும் கலந்தோம் என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பாட்டில் வெளியே இருந்தால் லேபிளை போனில் படம் எடுத்துக் காட்டலாம், உள்ளே இருந்தால் அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம்.