பெயரைச் சொல்லாமல் எழுதினாலும் அவதூறுதான்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "போன வருஷம் லிஃப்ட் ரிப்பேர்னு காட்டின நாலு லட்சத்துல பாதி யாரோட பாக்கெட்டுக்குப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பி பிளாக்ல புது கார் நிக்குது, பாத்துக்குங்க." சங்கத்தின் பொருளாளர் பி பிளாக்கில்தான் இருக்கிறார். கார் வாங்கியதும் அவர்தான். அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. எழுதியவர் சொல்லும் பதில்களும் வழக்கமானவை: "நான் யார் பேரையும் போடலையே, எங்க குரூப்லதானே போட்டேன், உண்மையைத்தானே சொன்னேன், அது என் கருத்து." நான்குமே சட்டத்தின் முன் தனித்தனியாகச் சோதிக்கப்படும். பெரும்பாலும் நான்கும் நிற்பதில்லை.

அவதூறுக்கு நம் நாட்டில் இரண்டு வழிகளில் நடவடிக்கை எடுக்கலாம். சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். குற்றவியல் நடுவரிடம் தனிப் புகாராகவும் கொடுக்கலாம். குற்ற வழக்குக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையையும் சேர்த்திருக்கிறார்கள். பேச்சுக்குச் சிறைத்தண்டனை என்பதே அதிகப்படி என்று நினைப்பவன் நான். ஆனால் 2016இல் சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் அந்தப் பிரிவுகள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

முதலில் "எங்க குரூப்லதானே" என்ற வாதம். பத்திரிகையில் வந்தால்தான் வெளியீடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்துக்குத் தேவை ஒரே ஒரு மூன்றாம் நபர். பொருளாளருக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தால் அது அவதூறு ஆகாது, ஏனென்றால் மற்றவர்கள் கண்ணில் அவர் மதிப்பு குறையவில்லை. வேறொருவர் படித்த கணத்தில் வெளியீடு முடிந்துவிட்டது. 1958இல் பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வாதிக்கு உருது தெரியாது. அவருக்கு உருதுவில் ஒரு நோட்டீஸ் போனது. இன்னொருவரை வைத்துப் படிக்கவைத்தார். அவருக்கு உருது தெரியாது என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கப்படாததால் வெளியீடு இல்லை என்று தீர்ப்பானது. இருபது பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும், குழுவில் போடுகிறவருக்கு இந்த வாசல் திறக்காது. அந்தச் செய்தியை "ஃபார்வர்டு" செய்தவரும் தன் பங்குக்குப் புதிதாக வெளியிட்டவர் ஆகிறார். அட்மின் கதை வேறு: உறுப்பினர் எழுதிய அவதூறுக்காகக் குழுவின் அட்மின் மீது போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் நிராகரித்தது.

அடுத்தது பெயர். படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் "இது இன்னார்தான்" என்று நியாயமாகப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும். பி பிளாக், புது கார், லிஃப்ட் கணக்கு என்ற மூன்று அடையாளங்களுக்கும் பொருந்துகிறவர் அங்கே ஒருவர்தான். பெயரைப் போட்டிருந்தால்கூட இதைவிடத் தெளிவாக இருந்திருக்காது.

எதிர்முனையில் நிற்பது நம் சேலம் வழக்கு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தை நாளேடுகள் பொருள் மாறும்படி வெளியிட்டன என்று வரவேற்புக் குழுத் தலைவர் டி.வி.சொக்கப்பா புகார் கொடுத்தார். தி இந்து நாளேட்டின் ஜி.நரசிம்மன் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. சங்கம், நிறுவனம், மக்கள் கூட்டம் ஆகியவற்றையும் அவதூறு செய்ய முடியும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் வரையறுத்துச் சுட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வந்தவர் போனவர் எல்லாம் சேர்ந்த மாநாடு அப்படிப்பட்டதல்ல என்று 1972இல் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஆக, "அரசியல்வாதிகள் எல்லாம் திருடர்கள்" என்று எழுதினால் ஒரு தனி அரசியல்வாதி வழக்குப் போடுவது கடினம். "எங்க சங்க நிர்வாகிகள் அஞ்சு பேரும் திருடர்கள்" என்றால் ஐந்து பேரும் தனித்தனியாகப் போடலாம்.

மூன்றாவதான "உண்மையைத்தானே சொன்னேன்" என்பதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. "பொய் என்று அவர் நிரூபிக்கட்டும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடைமுறை தலைகீழ். மதிப்பைக் கெடுக்கும் சொல் பொய் என்றே சட்டம் முதலில் கருதும். உண்மை என்று காட்ட வேண்டியவர் எழுதியவர். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் அதோடு முடிந்தது. குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது; அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். சங்கப் பணம் எல்லா வீட்டுக்காரர்களுடையது என்பதால் குழுவில் சொன்னதற்கு அந்த வாதத்தை வைக்க இடமுண்டு. அதே செய்தியைப் பொருளாளரின் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு அனுப்பினால் பொதுநன்மை எங்கிருந்து வரும்?

எதை உண்மை என்று காட்டுவது என்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு பில் இல்லை என்று காட்டிவிடலாம். அவர் எழுதியது அதுவல்ல, பணம் பாக்கெட்டுக்குப் போனது என்பது. பில் தொலைந்திருக்கலாம், ஒப்பந்தக்காரர் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கார் கடனில் வாங்கியதாக இருக்கலாம். திருட்டு என்று எழுதினால் திருட்டைத்தான் நிரூபிக்க வேண்டும்.

"என் கருத்து" என்பதும் இங்கேதான் உடைகிறது. நியாயமான விமர்சனம் என்ற பாதுகாப்பு உண்மையான ஒரு செய்தியின் மேல் நிற்கும் கருத்துக்குத்தான். "அவர் பணத்தை எடுத்தார் என்பது என் கருத்து" என்றால் அது கருத்தின் சட்டை போட்ட குற்றச்சாட்டு. குழுவில் எழுதியவர் அதற்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கலாம்: "கணக்கில் லிஃப்டுக்கு நான்கு லட்சம். பொதுக்குழுவில் காட்டிய பில்கள் இரண்டு லட்சத்துக்குத்தான் இருந்தன. மீதிக்கு பில் கேட்டு பத்தாம் தேதி கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. இது பொறுப்பில்லாத நிர்வாகம்." முதல் மூன்று வாக்கியங்களும் காகிதம் காட்டி நிறுவக்கூடியவை. நான்காவது கருத்து, படிப்பவர் ஏற்கலாம், மறுக்கலாம். கேட்டுவிட்டு எழுதினார் என்பதும் கணக்கில் சேரும். குற்றச் சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் நல்ல மனசு மட்டுமல்ல, உரிய கவனத்தோடு செய்ததும்தான்.

நக்கீரன் ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், அரசு அதிகாரிகளின் பணி சார்ந்த நடத்தையை நியாயமாகச் சரிபார்த்துவிட்டு எழுதினால், அது தவறாகப் போனாலும் நஷ்டஈடு கிடையாது என்றது. குடியிருப்புச் சங்கப் பொருளாளர் அரசு அதிகாரி அல்ல. அந்தச் சலுகையை எதிர்பார்த்து எழுதக் கூடாது. உண்மையிலேயே கையாடல் என்று சந்தேகம் இருந்தால் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு வைக்கும் குற்றச்சாட்டுக்கு 356ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு.

நோட்டீஸ் வந்த பிறகு செய்யும் தவறு, அதைப் படம் எடுத்து "பாருங்க, மிரட்டுறாரு" என்று அதே குழுவில் போடுவது. பழைய குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னால் அதுவும் ஒரு வெளியீடு. செய்தியை அழித்துவிட்டால் போதும் என்பதும் வீண் நம்பிக்கை, ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எதிர்த்தரப்பு வக்கீலிடம் இருக்கும். போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றமல்ல இது, ஜாமீன் உண்டு. அந்த மட்டில் பதற வேண்டாம். சிவில் வழக்குக்கு வெளியீட்டிலிருந்து ஓராண்டு, குற்றப் புகாருக்கு மூன்று ஆண்டு கெடு. எழுதியது தவறு என்று தெரிந்தால், அதே குழுவில் அதே ஆட்கள் படிக்கும்படி திருத்தமும் வருத்தமும் தெரிவிப்பது நஷ்டஈட்டைக் குறைக்க உதவும். பெரும்பாலான பொருளாளர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.